ஆசையை எண்ணாக்குவது எப்படி?

இன்டெல்லில் ஆண்டி குரோவ் வளர்த்தெடுத்த ஓகேஆர் முறையை, 1999இல் ஜான் டோர் கூகுளுக்குக் கொண்டுபோனார். ஒரு கேட்டரிங்காரர் இப்படி எழுதித் தருகிறார் என்று வையுங்கள்: “சாப்பாடு நேரத்துக்குப் போகணும், புகார் குறையணும், புது ஆப் விடணும்.”

முதல் இரண்டும் ஒரே ஆசைதான். அதுவே குறிக்கோள்: ‘மதியச் சாப்பாட்டுக்கு எங்களை நம்பலாம்.’ இதில் எண் வேண்டாம். எண் முக்கிய விளைவுகளில் வரும். மார்ச் முடிவதற்குள், ஒரு மணிக்கு முன் போய்ச் சேரும் சாப்பாடு 70 சதவீதத்திலிருந்து 90 ஆக வேண்டும். 100 ஆர்டருக்கு 8 புகார் என்பது 3 ஆக வேண்டும். இன்றைய அளவு தெரியாதென்றால், முதலில் இரண்டு வாரம் எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

ஆப்? அது வேலை, விளைவல்ல. ஆப் வந்த பிறகும் சோறு தாமதமாகலாமே! நேரத்தை மட்டும் அளந்தால் அரைவேக்காட்டுச் சோறும் கிளம்பிவிடும். புகார்க் கணக்குதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.