ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்கள்

"மத்திய சிறையில் உள்ள கைதிகளைச் சந்தித்து, அவர்களது பிரச்சினைகளை ஆய்வு செய்ய அனுமதி வேண்டுகிறேன்." சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருவர் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதி, என்னிடம் திருத்தக் கொடுத்த கடிதத்தின் முதல் வரி இது. எந்தக் கைதிகள், எத்தனை பேர், கேட்டறிந்ததை என்ன செய்வார் என்று எதுவும் அதில் இல்லை. இதற்கு எந்த அதிகாரியும் ஒப்புதல் தரமாட்டார்.

திகார் சிறையில் எடுத்த ஒரு பேட்டி ஆவணப்படத்தில் வந்து பெரும் சர்ச்சையான 2015ஆம் ஆண்டில், மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. ஆய்வுக்கென்று வெளியாட்களைச் சாதாரணமாக உள்ளே விடக்கூடாது என்கிறது அது. மாணவர்களுக்கு வழி உண்டு. கல்லூரி மூலமாக, 30 நாள் முன்னதாக, கேட்கப்போகும் கேள்விகளையும் இணைத்து விண்ணப்பிக்க வேண்டும்.

"உனக்கு உண்மையில் என்ன தெரியணும்மா?" என்று கேட்டேன். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் பிணையாள் கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்களைப் பற்றி என்றார். அதையே எழுதச் சொன்னேன். ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. ஆக, மாணவி தேடும் ஆட்கள் யார் என்பது சிறை அலுவலகத்துக்கே தெரிந்திருக்க வேண்டும். புதிய கடிதம் அந்த உத்தரவைச் சுட்டி, "அத்தகையோரில் விருப்பம் தெரிவிக்கும் 15 பேரை, இரண்டு நாட்களில், பேனாவும் தாளும் மட்டும் கொண்டுவந்து சந்திக்க" அனுமதி கேட்டது.

விருப்பம் என்ற சொல் முக்கியம். பில்லா, ரங்கா என்ற மரண தண்டனைக் கைதிகளைப் பத்திரிகையாளர்கள் பேட்டி காண உச்ச நீதிமன்றம் 1981இல் அனுமதித்தது. கைதிகளுக்குச் சம்மதம் இருந்தால்தான் அந்த அனுமதி. சிறைக்குள் "மாட்டேன்" என்று சொல்வது எளிதல்ல. அதனால் சம்மதப் படிவத்தை மாணவியே வாசித்துக் காட்டி, மறுத்தால் எந்தப் பாதிப்பும் வராது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றேன்.

கேள்வித்தாளில்தான் பெரிய ஆபத்து இருந்தது. நான்காவது கேள்வி: "நீங்கள் என்ன குற்றம் செய்தீர்கள்?" இவர்கள் எல்லாரும் விசாரணைக் கைதிகள். போலீஸ் அதிகாரியிடம் ஒப்புக்கொண்டதை அவர்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. மாணவியிடம் ஒப்புக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. வக்கீலிடம் பேசுவதற்கு உள்ள ரகசியக் காப்பும் ஆய்வு மாணவிக்கு இல்லை. நீதிமன்றம் அழைத்தால் அவரே சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். பக்கத்தில் காவலர் ஒருவரும் நிற்கக்கூடும்.

மாணவி அந்தக் கேள்வியை அடித்துவிட்டு, அதன் மேலேயே எழுதினார்: "ஜாமீன் கொடுக்கச் சொல்லி யார் யாரைக் கேட்டீர்கள்? அவர்கள் என்ன சொன்னார்கள்?"