தோற்றுப்போன ‘அரைத் திரவம்’

தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்ளும் லீவோதைராக்சின் மாத்திரையை நம் வீடுகளில் பலர் பார்த்திருப்போம். அதே மருந்தை மென்மையான ஜெலட்டின் உறைக்குள் அடைத்து, ‘டிரோசின்ட்’ என்ற பெயரில் கேப்ஸ்யூலாகக் கொண்டுவந்தது சுவிட்சர்லாந்தின் இப்சா நிறுவனம். அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தது. டேவா நிறுவனம் இந்த மருந்தின் ஜெனரிக் வடிவத்தை விற்க அனுமதி கேட்டதும் இப்சா வழக்குத் தொடுத்தது. 2020 ஜூலையில் அமெரிக்காவின் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இப்சாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்தத் தோல்விக்குக் காரணம் ஒரே ஒரு சொல்.

காப்புரிமையின் மூலம் இத்தாலியில் தாக்கலான ஒரு விண்ணப்பம். உறைக்குள் இருக்கும் மருந்தின் நிலையைச் சொல்ல அதில் இருந்த இத்தாலியச் சொல் ‘செமிலிக்விதோ’. ஆங்கிலத்தில் அதற்கு ‘செமி-லிக்விட்’ என்ற வழக்கமான சொல் தயாராக இருக்கிறது. திடத்துக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட கெட்டியான பதம் என்பது அதன் பொருள். ஆனால் அமெரிக்காவில் தாக்கலான ஆங்கில ஆவணத்தில் ‘ஹாஃப்-லிக்விட்’, அதாவது ‘அரைத் திரவம்’, என்று இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று இப்சா வாதிட்டது. பாதி திரவம், பாதி வேறு ஏதோ என்றும் அதைப் படிக்கலாம். களிம்பு, ஜெல் போன்றவற்றின் பெயர்கள் அந்த ஆவணத்திலேயே தனித்தனியாக இருந்ததால், அரைத் திரவம் அவற்றில் ஒன்றாகவும் இருக்க முடியாது. அப்படியானால் அது எது? துறை அறிந்தவர்களுக்குக்கூட அதன் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றது நீதிமன்றம். எல்லை தெரியாத உரிமைக்கு அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்தச் சொல்லைத் தாங்கி நின்ற உரிமைக்கோரல்கள் செல்லாமல் போயின.

இது வெறும் மொழிபெயர்ப்புப் பிசகு என்று நீதிமன்றம் ஏன் விட்டுவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். இத்தாலிய மூலத்துக்கும் ஆங்கில ஆவணத்துக்கும் வேறு சில வித்தியாசங்களும் இருந்தன. அவற்றை வேண்டுமென்றே செய்தவர்கள், இந்தச் சொல்லையும் தெரிந்தே மாற்றியிருக்க வேண்டும் என்று நீதிபதிகள் கருதினார்கள். போதாததற்கு, விண்ணப்பம் பரிசீலனையில் இருந்த காலத்தில் ஒரு கோரலில் ‘ஹாஃப்-லிக்விட்’ என்றும், அதைச் சார்ந்த இன்னொரு கோரலில் ‘செமி-லிக்விட்’ என்றும் எழுதியிருந்தார்கள். பிற்பாடு அந்தச் சார்புக் கோரல் நீக்கப்பட்டது. சரியான சொல் கைவசம் இருந்தும் வேறொன்றைத் தேர்ந்தவர், வேறொன்றைத்தான் குறித்திருக்கிறார் என்ற முடிவுக்கு அது வழிவிட்டது. காப்புரிமைக் கோரல்களைப் படிப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ளும் விதி இதுதான்: சொல் மாறினால் பொருளும் மாறியதாகவே கொள்ளப்படும். கட்டுரை எழுதும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி நமக்குப் பள்ளியில் கற்றுத் தந்தார்கள். இங்கே அந்தப் பழக்கம் ஆபத்து. முதல் வரியில் ‘கலன்’ என்றால் கடைசி வரி வரை ‘கலன்’தான், நடுவில் ‘பாத்திரம்’ என்று வந்தால் அது இரண்டாவது பொருள் ஆகிவிடும்.

காப்புரிமை ஆவணத்தில் விளக்கம் இருக்கும், படங்கள் இருக்கும், கடைசியில் எண்ணிட்ட உரிமைக்கோரல்கள் இருக்கும். கிரயப் பத்திரத்தில் கிணறு, தென்னை, பம்புசெட் என்று எவ்வளவு எழுதியிருந்தாலும் நிலம் எதுவரை என்பதைச் செக்குபந்தி சொல்வதுபோல, கண்டுபிடிப்பில் எதுவரை நம்முடையது என்பதைக் கோரல்கள்தான் சொல்கின்றன. விளக்கமும் படங்களும் அவற்றைப் புரிந்துகொள்ள உதவும், அவ்வளவே. ஒவ்வொரு கோரலும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது நெடுநாள் மரபு. சில சமயம் அது ஒரு பக்கம் நீளும். படிக்கச் சிரமமாக இருக்கிறதே என்று மொழிபெயர்ப்பாளர் அதை நான்கு சிறு வாக்கியங்களாக உடைத்துவிடக் கூடாது. எந்த நிபந்தனை எந்த உறுப்பைக் கட்டுப்படுத்துகிறது என்ற பிணைப்பு அந்த ஒற்றை வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

அந்த வாக்கியத்தின் கீல் எனச் சொல்லத்தக்க சொல் ஒன்று உண்டு. குடிநீர் வடிகட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு கலன், ஒரு சல்லடை, ஒரு கரி அடுக்கு. ஆங்கிலக் கோரலில் ‘காம்ப்ரைசிங்’ என்ற சொல்லுக்குப் பின் இந்த மூன்றும் வந்தால், இவை இருந்தாக வேண்டும், இவற்றோடு வேறு எது இருந்தாலும் சரி என்று பொருள். போட்டியாளர் ஒரு குழாயைக் கூடுதலாகப் பொருத்தி விற்றாலும் மாட்டிக்கொள்வார். அதே இடத்தில் ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று இருந்தால், இந்த மூன்றும்தான், வேறொன்றும் கூடாது என்று பொருள். இப்போது பொதுவாக அந்தக் கூடுதல் குழாயே போட்டியாளரைக் காப்பாற்றிவிடும். முதல் சொல் கதவைத் திறந்து வைக்கிறது, இரண்டாவது அடைத்துவிடுகிறது.

சிக்கல், எல்லா மொழியிலும் இந்த இரண்டும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பதில்லை என்பதுதான். ஜப்பானியக் கோரல்களில் ‘காரா நாரு’ என்று அடிக்கடி வரும். நம் ‘ஆன’ போன்றது அது. ‘கலன், சல்லடை, கரி அடுக்கு ஆகியவற்றால் ஆன வடிகட்டி’ என்றால் வேறு உறுப்புக்கு இடம் உண்டா, இல்லையா? தமிழில் அதைச் சொல்ல முடியாது. ஜப்பானியத்திலும் பல இடங்களில் முடியாது. அகராதியை நம்பி ‘கன்சிஸ்டிங் ஆஃப்’ என்று போட்டால், ஜப்பானில் திறந்திருந்த கதவை அமெரிக்காவில் மொழிபெயர்ப்பாளரே அடைத்தவர் ஆவார். தொழில் தெரிந்தவர் விளக்கப் பகுதியைப் புரட்டுவார். நான்காவது உறுப்புள்ள ஒரு மாதிரியை விண்ணப்பதாரரே அங்கே விவரித்திருந்தால், மூடிய சொல் அவர் எண்ணம் அல்ல என்பது தெரியும். அப்போதும் தானாக முடிவெடுத்து நகராமல், வழக்கறிஞருக்குக் குறிப்பு எழுதிக் கேட்பார்.

அடுத்த கண்ணி வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழைப் போலவே ஜப்பானியத்திலும் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வரிசையாக வந்து, பெயர் கடைசியில் நிற்கும். ‘மூடியில் பொருத்தப்பட்ட சல்லடையுடைய குழாய்’ என்று ஒரு தொடரைப் பாருங்கள். மூடியில் பொருத்தப்பட்டது சல்லடையா, குழாயா? இரண்டு வகையாகவும் படிக்கலாம். ஆங்கிலத்துக்குப் போனதும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் வந்துவிடும். சல்லடை மூடியில் இருக்கிறது என்று எழுதிவிட்டால், குழாயை மூடியில் மாட்டி, சல்லடையைக் குழாயின் மறுமுனையில் வைத்தவர் தப்பித்துவிடுவார். விடை பெரும்பாலும் படத்தில் கிடைக்கும். மூடிக்கு 12, குழாய்க்கு 14, சல்லடைக்கு 16 என்று படத்தில் எண்கள் இருக்கும். எது எதைத் தொட்டு நிற்கிறது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியை எழுத வேண்டும். படமும் சொல்லாவிட்டால் இருபொருளை இருபொருளாகவே வைத்து, அதை எடுத்துக் காட்டிக் குறிப்பு எழுதுவதே நேர்மை. தெளிவாக்குகிறேன் என்று ஒரு பக்கம் சாய்வது திருத்தம் ஆகாது. உரிமையாளரின் சொத்தில் கை வைப்பது அது.

‘ஒரு’ என்ற சிறு சொல்லும் அப்படித்தான். அமெரிக்க வழக்கில், ‘காம்ப்ரைசிங்’ கோரலில் வரும் ‘எ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொதுவாக ‘ஒன்று அல்லது அதற்கு மேல்’ என்றே பொருள். அதை ‘ஒன்’ என்று எண்ணாக்கிவிட்டால் இரண்டு சல்லடை வைத்தவர் வெளியே போய்விட வாய்ப்பு உண்டு. ஒருமை பன்மை கட்டாயமில்லாத மொழியிலிருந்து வரும்போது இந்தத் தவறு கண்ணில் படாமலே நடந்துவிடுகிறது. ‘ஏறக்குறைய இணையாக’ என்பதில் உள்ள ‘ஏறக்குறைய’வைத் தேவையற்ற சொல் என்று வெட்டுவதும் இதே வகைதான், கோணம் இரண்டு டிகிரி விலகிய கருவி அந்த ஒரு வெட்டில் கைநழுவக்கூடும்.

ஜெர்மன் கோரல்கள் பலவற்றில் வாக்கியமே இரண்டு பாதியாக இருக்கும். ‘என்பதைச் சிறப்பியல்பாகக் கொண்டது’ என்ற பொருள் தரும் ஒரு தொடர் நடுவில் நிற்கும். ஐரோப்பிய விதிகளின்படி அதற்கு முன் வருவது ஏற்கெனவே உலகம் அறிந்தது, பின் வருவதே புதியது. ஓசைக்காக ஓர் உறுப்பைப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்தினால், தன் புதுமையைப் பழையது என்று கண்டுபிடிப்பாளரே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். முனிக்கில் தலைமையிடம் கொண்ட ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு. காப்புரிமை வழங்கும்போது கோரல்களை மட்டும் மற்ற இரு மொழிகளிலும் தர வேண்டும். விளக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை என்பது இதிலிருந்தே விளங்கும்.

நம் ஊருக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. சென்னை உள்பட இந்தியக் காப்புரிமை அலுவலகங்களில் விண்ணப்பத்தை இந்தியிலோ ஆங்கிலத்திலோதான் தர முடியும். கோவைப் பட்டறையில் ஒருவர் தன் இயந்திரத்தைத் தமிழில் விளக்க, முகவர் அதை ஆங்கிலக் கோரலாக எழுதுகிறார் என்றால், அங்கே நடப்பதும் மொழிபெயர்ப்புதான். வித்தியாசம் என்னவென்றால், ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழில் ஒரு மூலப்பிரதிகூட இருக்காது.

ஆகவே விண்ணப்பிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடும் முன் முதல் கோரலைத் தமிழில் வரி வரியாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இந்த உறுப்புகளோடு வேறொன்று சேர்ந்தாலும் இது என்னுடையதா? ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்தால்? எது எதில் பொருத்தப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள்? பதில் உங்கள் இயந்திரத்தோடு பொருந்தும்வரை விடாதீர்கள். காப்புரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவின்படி, தாக்கல் செய்த பிறகு கோரலைச் சுருக்கலாம். முன்பிருந்த எல்லையைத் தாண்டி விரிக்க முடியாது.