வெற்றுக் கட்டத்தில் பூஜ்ஜியம்

சரக்கை எந்த ஆலையிலிருந்து எந்தக் கிடங்குக்கு எத்தனை லோடு அனுப்பினால் மொத்த வாடகை மிகக் குறையும் என்பதே போக்குவரத்துக் கணக்கு. 1941-இல் ஃபிராங்க் ஹிட்ச்காக் இதற்குக் கணித வடிவம் தந்தார். இதில் மிகக் குறைந்த செலவு ஒன்றுதான். அந்தச் செலவில் முடிகிற திட்டங்களோ ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம். அப்படி இருப்பதை அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்று அரிசி ஆலைகள், மூன்று கிடங்குகள் என்று வைத்துக்கொள்வோம். கீழே ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் இருப்பது ஒரு லோடுக்கான வாடகை, நூறு ரூபாய்க் கணக்கில். அடைப்புக்குறிக்குள் இருப்பது அனுப்பும் லோடு.

| | கிடங்கு 1 | கிடங்கு 2 | கிடங்கு 3 | இருப்பு |
|---|---|---|---|---|
| மேற்கு ஆலை | 4 (50) | 6 (30) | 5 | 80 |
| நடு ஆலை | 6 | 8 (40) | 5 (30) | 70 |
| கிழக்கு ஆலை | 9 | 10 | 4 (50) | 50 |
| தேவை | 50 | 70 | 80 | 200 |

மொத்தச் செலவு 1,050, அதாவது 1,05,000 ரூபாய். இது உகந்த திட்டம்தானா என்பதை மோடி முறையில் சோதிக்கலாம். ஒவ்வொரு ஆலைக்கும் ஓர் எண், ஒவ்வொரு கிடங்குக்கும் ஓர் எண். லோடு உள்ள கட்டங்களில் இவ்விரண்டின் கூட்டுத்தொகை அந்தக் கட்டத்தின் வாடகைக்குச் சமமாக வரவேண்டும். மேற்கு ஆலைக்கு 0 என்று தொடங்கினால் மற்றவை தாமாகவே வந்துவிடும்: கிடங்குகளுக்கு 4, 6, 3; நடு ஆலைக்கு 2, கிழக்கு ஆலைக்கு 1.

இனி வெற்றுக் கட்டங்கள். வாடகையிலிருந்து இந்தக் கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பது அந்தக் கட்டத்தின் வாய்ப்புச் செலவு. அந்த வழியில் ஒரு லோடை நுழைத்தால் மொத்தச் செலவு எவ்வளவு கூடும் என்பதை அது சொல்கிறது. மேற்கு ஆலை – கிடங்கு 3 கட்டத்தில் 5 – 3 = 2. கிழக்கு ஆலையின் இரண்டு வெற்றுக் கட்டங்களில் 4, 3. எதுவும் குறை எண் இல்லை. ஆகவே திட்டம் உகந்ததே. பலரும் இங்கேயே பேனாவை மூடிவிடுகிறார்கள். ஆனால் நடு ஆலை – கிடங்கு 1 கட்டத்தில் 6 – (2 + 4) = 0.

அந்தப் பூஜ்ஜியத்தின் பொருளைச் சுற்றுப்பாதை போட்டுப் பார்த்தால் தெரியும். நடு ஆலையிலிருந்து கிடங்கு 1-க்கு ஒரு லோடு அனுப்பினால் 6 கூடும். அங்கே மேற்கு ஆலை ஒரு லோடைக் குறைக்கும், 4 மிச்சம். அந்த லோடு கிடங்கு 2-க்குப் போகும், 6 கூடும். அங்கே நடு ஆலை ஒன்றைக் குறைக்கும், 8 மிச்சம். கூடியது 12, மிச்சமும் 12.

இப்படி எத்தனை லோடை மாற்றலாம்? குறைகிற கட்டங்களில் 50, 40 இருக்கின்றன. சிறியதான 40 வரைதான் முடியும். 40-ஐயும் மாற்றினால் மேற்கு ஆலை 10, 70 என்று கிடங்கு 1, 2-க்கும், நடு ஆலை 40, 30 என்று கிடங்கு 1, 3-க்கும் அனுப்பும். கிழக்கு ஆலையில் மாற்றமில்லை. செலவு 40 + 420 + 240 + 150 + 200, அதே 1,050. பரீட்சையில் இருவர் விடை வேறுவேறாக இருந்தும் இரண்டும் சரியாவது இப்படித்தான். புதிய அட்டவணையில் நடு ஆலை – கிடங்கு 2 காலியாகி, அங்கே பூஜ்ஜியம் வந்து உட்கார்ந்திருக்கும். முதல் திட்டத்துக்குத் திரும்பும் வழி அது.

40-க்குப் பதில் 15 லோடு மாற்றினாலும் செலவு கூடாது. முழு லோடாகவே அனுப்புவதென்றால், ஒன்றுமே மாற்றாததையும் சேர்த்து 41 திட்டங்கள். பாடநூல்கள் பெரும்பாலும் முனைகளில் நிற்கும் இரண்டை மட்டுமே எழுதும். நடைமுறையில் எதை எடுப்பது என்பதைக் கணக்குக்கு வெளியே உள்ள காரணம் தீர்மானிக்கும். கிடங்கு 2-க்கு ஒரே ஆலையின் அரிசி போதும் என்றால் இரண்டாவது திட்டம் வசதி.

பூஜ்ஜியம் ஏமாற்றுவதும் உண்டு. வேறொரு கட்டத்தில் குறை எண் இருந்தால் திட்டம் இன்னும் உகந்ததாகவில்லை. அப்போது பூஜ்ஜியத்தைப் பார்த்துப் பயனில்லை. திட்டம் சிதைந்திருந்தால் இன்னொரு சிக்கல். மேற்கண்ட கணக்கில் நடு ஆலையின் இருப்பு 30, கிடங்கு 2-இன் தேவையும் 30 என்று ஆக்கினால், அந்த 40 லோடு காணாமல் போகும். கணக்கு நகர அங்கே மிகச்சிறிய ஒரு குறியை இட்டு நிரப்பவேண்டியிருக்கும். வாய்ப்புச் செலவு முன்போலவே பூஜ்ஜியம். ஆனால் சுற்றுப்பாதையில் குறைக்க லோடு இல்லை. மாற்றக்கூடிய அளவு 0 என்பதால் திட்டமும் மாறாது.

வாடகையை முழு நூறாக்கி எழுதும்போதும் பொய்ப் பூஜ்ஜியம் பிறக்கும். நடு ஆலையிலிருந்து கிடங்கு 1-க்கு உண்மையான வாடகை 610 ரூபாயாக இருந்து அதை 6 என்று எழுதியிருந்தால், சமமாகத் தெரிந்த இரண்டாவது திட்டத்துக்கு 400 ரூபாய் கூடுதலாகும்.