கேஜ் இல்லாத சிலிண்டர்

எங்கள் அலுவலக மாடிப்படி ஓரத்தில் இரண்டு தீயணைப்பான்கள் இருக்கின்றன. பவுடர் நிரப்பியதன் கழுத்தில் சின்னதாக ஓர் அழுத்தக் கேஜ் உண்டு. முள் பச்சையில் நின்றால் சரி. கறுப்புக் குழல் வாய் வைத்த மற்றொன்று கரியமில வாயு ரகம். அதில் கேஜே கிடையாது. பராமரிப்புக்கு வருகிறவர் அதைக் கொக்கித் தராசில் மாட்டி எடை பார்த்துவிட்டுப் போவார். "ஒரு கேஜ் வைத்திருக்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "வச்சாலும் பிரயோஜனமில்ல சார். பாதி தீர்ந்தாலும் முள்ளு அங்கேயேதான் நிக்கும்" என்றார்.

அவர் சொன்னதற்கான காரணம், பள்ளிப் புத்தகத்தில் நாம் வேகமாகப் புரட்டிவிட்டு வந்த நிலைமை வரைபடத்தில் இருக்கிறது.

கரியமில வாயுவுக்கான வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். கீழே இடமிருந்து வலமாக வெப்பநிலை. பக்கவாட்டில் கீழிருந்து மேலாக அழுத்தம். அழுத்த அச்சில் 1, 10, 100, 1000 என்று ஒவ்வொரு படியும் பத்து மடங்காக ஏறும். இதைக் கவனிக்காமல் படித்தால் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். இடது மேல்பக்கம் திண்மத்தின் ராஜ்யம், நடுவில் திரவம், கீழும் வலமும் வாயு. இவற்றைப் பிரிக்கும் கோடுகள் வெறும் வேலிகள் அல்ல. கோட்டின் மேல் நிற்கும்போது இரண்டு நிலைகளும் ஒன்றாக இருக்கின்றன. முள்ளின் ரகசியம் அந்தக் கோட்டில்தான்.

இப்போது வெப்பநிலையை 20 டிகிரியில் பிடித்து வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் கூட்டுவோம். வரைபடத்தில் இது செங்குத்தாக மேலே ஏறும் பயணம். பிஸ்டன் போட்ட ஒரு குழாயில் வாயுவை அடைத்து, மெதுவாக அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 10 பார், 30 பார், 50 பார் என அழுத்தம் ஏறுகிறது. (ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு.) 57 பாரைத் தொட்டதும் குழாயில் முதல் திரவத் துளி தெரியும். அதற்குப் பிறகு பிஸ்டனை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் அழுத்தம் 57-ஐ விட்டு அசையாது. தள்ளத் தள்ள வாயு திரவமாகிறது, அவ்வளவுதான். கடைசி வாயுவும் திரவமான பிறகே அழுத்தம் மறுபடி ஏறத் தொடங்கும். திரவம் எளிதில் சுருங்காது என்பதால் இப்போது விறுவிறுவென்று ஏறும். சில ஆயிரம் பாருக்கு அப்பால் அது உறைந்து திண்மமாகும்.

கோட்டைக் கடக்கும் அந்த நீண்ட நேரம், வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி. எவ்வளவு திரவம், எவ்வளவு வாயு என்பதை வரைபடம் சொல்வதில்லை; கேஜும் சொல்வதில்லை. 4.5 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 6.75 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் அதைத் திறந்து பயன்படுத்தினால், உள்ளே சுமார் 1.3 கிலோ மீதமாகும்வரை அடியில் திரவம் இருந்துகொண்டே இருக்கும். பீய்ச்சும்போது குளிர்ந்து அழுத்தம் சற்றே இறங்கும்; அறைச் சூட்டுக்குத் திரும்பியதும் பழைய 57-க்கே வந்து நிற்கும். முக்கால்வாசிக்கு நெருக்கமாகத் தீர்ந்த சிலிண்டரும் முழுச் சிலிண்டரும் கேஜுக்கு ஒன்றுதான்.

இப்படி வெப்பநிலையை மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் கூட்டிப் பார்த்தவர் பெல்ஃபாஸ்ட் நகரின் வேதியியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸ். மெல்லிய கண்ணாடிக் குழாயில் கரியமில வாயுவை அடைத்து, திருகாணியைத் திருகித் திருகி அழுத்தினார். 13.1 டிகிரியில் 49 மடங்கு காற்றழுத்தத்தை ஒட்டி அது திரவமானது. வெப்பநிலையைக் கூட்டக் கூட்ட, திரவமாவதற்கு வேண்டிய அழுத்தமும் கூடியது. 31 டிகிரிக்கு மேலே போனதும் கதை மாறிவிட்டது. எவ்வளவு திருகினாலும் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலான அந்தப் பளபளக்கும் கோடு குழாயில் தோன்றவே இல்லை. 1869-இல் இதை அவர் விரிவாக அறிவித்தார். மாறுநிலைப் புள்ளி என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். கரியமில வாயுவுக்கு அது 31 டிகிரி, சுமார் 74 பார்.

அந்தப் புள்ளியில் என்னதான் நடக்கிறது? 20 டிகிரியில், ஒன்றாக இருக்கும் திரவமும் வாயுவும் லிட்டருக்கு 773 கிராம், 194 கிராம். 30 டிகிரியில் 593, 345. திரவம் சூட்டில் விரிந்து இலேசாகிறது. அதற்கு மேலே இருக்கும் வாயுவோ நெருங்கி அடர்த்தியாகிறது. 31-இல் இரண்டும் 468 கிராமில் சந்திக்கின்றன. அடர்த்தியில் வேறுபாடே இல்லாதபோது எது திரவம், எது வாயு? கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது. அதனால்தான் வரைபடத்தில் அந்தக் கோடு அந்தரத்தில் சட்டென்று முடிகிறது. அச்சுப்பிழை என்று நினைத்த மாணவன் நான்.

கோட்டின் மறுமுனைக்குப் போவோம். திரவம்-வாயுக் கோடு, திண்மம்-திரவக் கோடு, திண்மம்-வாயுக் கோடு மூன்றும் கூடும் இடம் மும்மைப் புள்ளி. கரியமில வாயுவுக்கு மைனஸ் 56.6 டிகிரி, 5.2 பார். அங்கே மட்டும் மூன்று நிலைகளும் ஒன்றாக இருக்கும். அதற்குக் கீழான அழுத்தத்தில் திரவத்துக்கு இடமே இல்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்று 1 பார்தான். அதனால்தான் ஐஸ்கிரீம் பெட்டியில் வரும் உலர் பனி நனையாமல் நேரே புகையாகிறது; தீயணைப்பான் வாயிலிருந்து வெளிவரும் திரவமும் வெள்ளைப் பனித்தூளாகவும் வாயுவாகவும் பிரிகிறது. மைனஸ் 60 டிகிரியில் நின்று அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தால், 4 பார் வாக்கில் வாயு நேரே திண்மமாகும். திரவம் குறுக்கே வராது.

தண்ணீர் இதில் ஒரு குறும்பு செய்கிறது. அதன் மும்மைப் புள்ளி 0.01 டிகிரி, அழுத்தம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மைனஸ் 2 டிகிரியில் நீராவியை அழுத்தினால் முதலில் பனிக்கட்டியாகும். விடாமல் அழுத்தினால் சுமார் 270 பாரில் பனிக்கட்டி உருகித் தண்ணீராகிவிடும்! பனிக்கட்டி தண்ணீரைவிட அதிக இடம் பிடிப்பதால், அழுத்தம் அதைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளுகிறது. தண்ணீரின் வரைபடத்தில் திண்மம்-திரவக் கோடு இடது பக்கம் சாய்ந்திருப்பதன் பொருள் இதுதான். கரியமில வாயுவின் கோடு வலது பக்கம் சாயும்.

மாடிப்படி சிலிண்டருக்குத் திரும்புவோம். லிட்டருக்கு 667 கிராம் வீதம் நிரப்பிய சிலிண்டரில், 27, 28 டிகிரியிலேயே திரவம் விரிந்து உள்ளிடம் முழுவதையும் நிரப்பிவிடும். அதற்கு மேல் வாயுவுக்கு இடமில்லை. கோட்டை விட்டு விலகியாயிற்று. சென்னையின் 40 டிகிரி வெயிலில் உள்ளே அழுத்தம் 100 பாரைத் தாண்டும். நிரப்பும்போது பேராசைப்பட்டு அரைக் கிலோ கூடுதலாக ஏற்றியிருந்தால் இன்னும் வெகுவாக எகிறும். அப்போது சிலிண்டர் வெடிக்காமல் காக்கத்தான் வால்வில் ஒரு மெல்லிய உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். அழுத்தம் வரம்பு மீறினால் அது கிழிந்து வாயுவை வெளியே விட்டுவிடும். வெயில் படும் இடத்தில் இந்த ரகத்தை வைக்காதீர்கள்.

காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். தராசில் நிறுத்து, அதைக் கழித்துப் பாருங்கள். நிரப்பிய அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப அனுப்ப வேண்டும்.