டிகாக்சின்: பத்தாவது நாளில் உடலில் எவ்வளவு?

டிகாக்சின் மாத்திரை ஒன்றில் மருந்து 0.25 மில்லிகிராம்தான் இருக்கும். தளர்ந்த இதயத்துக்கு வலுவூட்டவும், தாறுமாறாக ஓடும் துடிப்பைக் கட்டுப்படுத்தவும் கொடுக்கப்படும் இந்த மருந்தில், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இதயச் செயலிழப்பு நோயாளிக்கு ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை போதும். 2 நானோகிராமைத் தாண்டினால் ஆபத்து. இன்று விழுங்கும் மாத்திரையோடு, முன்பு விழுங்கியவற்றில் இன்னும் உடலில் தங்கியிருப்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அந்தக் கணக்கின் மிக எளிய வடிவம், உடல் முழுவதையும் ஒரே பாத்திரமாக எண்ணிக்கொள்வது. மருந்து உள்ளே போனதும் சமமாகக் கலந்துவிடுகிறது. பிறகு, இருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கு நாள்தோறும் வெளியேறுகிறது. இருப்பு கூடினால் வெளியேறுவதும் கூடும். பிளஸ் டூ வேதியியலில் வரும் முதல் வகை வினைக்கும் இதே கணக்குதான்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. டிகாக்சின் பாதியாகக் குறைய இரண்டு நாள் ஆகிறது. அப்படியானால் ஒரு நாள் கழித்து 71 சதவீதம் மிச்சமிருக்கும். மாத்திரையில் 70 சதவீதம் உடலில் சேர்வதாக வைத்தால், அது 175 மைக்ரோகிராம். மறுநாள் அதில் 124 மிஞ்சும். புது மாத்திரையோடு 299. மூன்றாம் நாள் 386, நான்காம் நாள் 448. ஏறுகிறது, ஆனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் குறைந்துகொண்டே வருகிறது. ஏறக்குறைய 600 மைக்ரோகிராமில் நின்றுவிடும். ஏனென்றால் அதில் 29 சதவீதம், அதாவது நாளுக்கு 175 மைக்ரோகிராம், வெளியேறுகிறது. வரவும் செலவும் சமம்.

இந்த நிலையை எட்ட ஏறத்தாழ ஐந்து அரை ஆயுள்கள், அதாவது பத்து நாள் ஆகும். டிகாக்சின் தசைகளில் நன்றாகப் படிவதால், அது கலந்திருக்கும் ‘பாத்திரத்தின்’ கொள்ளளவு 420 லிட்டர் என்று கணக்கில் வரும். உடலில் அவ்வளவு இடமேது? அது கணக்குக்கான கற்பனை எண்தான். அதை வைத்துப் பார்த்தால், அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் ரத்தத்தில் 1.0 நானோகிராம் இருக்கும். இதயச் செயலிழப்புக்கு இதுவே சற்று அதிகம். மாத்திரையைப் பாதியாக்கினால் 0.5. அளவைக் குறைத்தால் மட்டமும் அதே விகிதத்தில் குறையும். ஆனால் எட்டும் நாள் மாறாது.

இப்போது அதே 0.25 மாத்திரை, சிறுநீரகம் தளர்ந்த வயதான ஒருவருக்கு. டிகாக்சின் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. இவருக்கு அரை ஆயுள் நான்கு நாள். கொள்ளளவு மாறவில்லை என்றே வைத்தாலும், மட்டம் 2.2 வரை போகும். அதை எட்ட இருபது நாள் பிடிக்கும். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏழு நாள் முடிந்ததும் பரிசோதித்தால் 1.5 என்று வரும், ‘பரவாயில்லை’ என்று தோன்றும். அதற்குப் பிறகும் அது ஏறிக்கொண்டிருக்கிறது. பசியின்மை, குமட்டல், துடிப்பு மந்தமாதல், பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல் ஆகியவை மூன்றாவது வாரத்தில் தலைகாட்டக்கூடும். மருந்து தொடங்கி வெகுநாளாகிவிட்டதால், அதன்மீது சந்தேகமே வராது.

டிகாக்சின் போன்ற பொருள்களைக் கொண்ட ஃபாக்ஸ்கிளவ் செடியைப் பற்றி 1785-ல் நூல் எழுதிய இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங்குக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. வயிறு, நாடி, சிறுநீர், மலம் ஆகியவற்றில் மாற்றம் தெரிந்ததுமே மருந்தை நிறுத்தச் சொன்னார். உடலில் சேர்வதை அவர் நோயாளிகளைப் பார்த்தே உணர்ந்திருந்தார்.

நம் ஊரில் வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் டிகாக்சின் எழுதும் வழக்கம் உண்டு. முதல் நோயாளிக்கு அப்படிக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை மாத்திரைக்குப் பின் 1.3 நானோகிராம் இருப்பது திங்கட்கிழமை காலையில் 0.45-க்கு இறங்கிவிடும். நஞ்சாகாமல் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் தினமும் 0.125 கொடுத்தால் மட்டம் 0.5-க்கும் 0.7-க்கும் இடையிலேயே இருக்கும் என்பதால், அதுவே மேல் என்று கணக்கு சொல்கிறது.

ஒரே பாத்திரக் கணக்குக்கும் வரம்பு உண்டு. விழுங்கிய மருந்து உடனே எங்கும் கலந்துவிடுவதில்லை. ரத்தத்திலிருந்து தசைக்குப் போய்ச் சேரக் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். காலையில் மாத்திரை போட்டு, இரண்டு மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் எண் வெகுவாக உயர்ந்து தெரியும், இல்லாத நஞ்சைக் காட்டும். அதனால்தான் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு, இல்லாவிட்டால் ஆறு மணி நேரம் கழிந்த பிறகே ரத்தம் எடுக்கிறார்கள். எப்போது விழுங்கினார், எப்போது எடுத்தார்கள் என்ற இரண்டு நேரங்களையும் சீட்டில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.