இருட்டு செல்ஃபியைத் தேற்ற 90 விநாடி

கல்யாண மண்டபத்து வாசல், இரவு எட்டு மணி. பின்னால் சீரியல் லைட் ஜொலிக்கிறது. முன்னால் நிற்கும் பதினோராம் வகுப்பு மாணவியின் முகமோ கருத்துப்போய், கொஞ்சம் கலங்கியும் இருக்கிறது. பதின்வயதினருக்குப் படத்திருத்தம் சொல்லித்தரும் குறும்வீடியோவுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. சரிசெய்யக்கூடிய குறையும் சரிசெய்ய முடியாத குறையும் இந்த ஒரே படத்தில் சேர்ந்திருக்கின்றன. ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது இந்த இரண்டையும்தான்.

முகம் இருண்டதற்குக் காரணம் பின்னாலிருக்கும் விளக்குகள். அந்தப் பிரகாசத்தையும் சேர்த்துக் கணக்குப்போடும் கேமரா, படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. ஆனால் இருண்ட பகுதியிலும் முகத்தின் விவரம் ஓரளவு பதிவாகியிருக்கும், அதை மீட்கலாம். கலங்கல் வேறு கதை. வெளிச்சம் போதாதபோது ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் கை ஆடினால் ஒவ்வொரு புள்ளியும் கோடாக இழுபடும். அப்படி இழுபட்டதை ஷார்ப்னஸ் கருவி திரும்பச் சேர்க்காது. அது செய்வதெல்லாம் ஓரங்களில் கருப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டுவதுதான்.

அதனால் முதல் 20 விநாடியில் எந்த ஸ்லைடரையும் தொடக் கூடாது. “ரெண்டு விரலால பெருசாக்கிப் பாருங்க. பின்னாடி இருக்கிற பல்பு புள்ளியா இருக்கா, கோடா இழுத்திருக்கா?” என்று குரல் கேட்கட்டும். கோடாக இருந்தால் கை ஆடியிருக்கிறது. பல்பு தெளிவாக இருந்து முகம் மட்டும் இழுபட்டிருந்தால், ஆள் அசைந்திருக்கிறார். படம் முழுக்கப் பனி படர்ந்தாற்போல, விளக்கைச் சுற்றி ஒளி பரவியிருந்தால் பெரும்பாலும் லென்ஸில் விரல் எண்ணெய். மாணவியின் படத்தில் பல்புகள் மிகச் சிறிதாகத்தான் நீண்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இது தேறும் படம்.

திருத்தத்துக்கு Snapseed போதும். 2012-ல் கூகுள் வசம் வந்த செயலி இது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் காசில்லாமல் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த பிரதியைத் திறக்காமல், கேலரியில் இருக்கும் மூலப்படத்தையே திறக்கச் சொல்ல வேண்டும். அனுப்பும்போது சுருங்கிய படத்தில் இருட்டுக்குள் இருந்த விவரம் முன்பே குறைந்திருக்கும்.

அடுத்த 40 விநாடிதான் வீடியோவின் உயிர். “Tune Image-க்குப் போங்க. Brightness வேணாம், முதல்ல Shadows.” காரணத்தையும் உடனே சொல்லிவிட வேண்டும்: Brightness படம் முழுவதையும் தூக்குவதால் சீரியல் லைட் வெளுத்துப்போகும், Shadows இருண்ட பகுதியையே முக்கியமாகத் தூக்கும். 40 வரை ஏற்றியதும் நிறுத்தி, கன்னத்தையும் தாடைக்குக் கீழேயும் பெரிதாக்கிக் காட்டுவது நல்லது. அங்கே வண்ணப் பொரிகள் தெரிந்தால் ஏற்றியது அதிகம். 30-க்கு இறக்க வேண்டும். பொரி புதிதாக வந்ததல்ல. இருட்டில் மறைந்திருந்தது வெளிச்சத்தோடு சேர்ந்து மேலே வருகிறது.

முகம் இன்னும் மங்கலாக இருந்தால் Selective. முகத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தை முகமும் கழுத்தும் அடங்கும்படி விரித்து, வெளிச்சத்தை 15 அளவுக்குக் கூட்டலாம். கழுத்தை விட்டுவிட்டால் முகம் முகமூடிபோல் தனித்து நிற்கும். இந்த இடத்தில் ஸ்கிரிப்ட் ஒரு வரியை விடாமல் சொல்ல வேண்டும்: “நிறத்தை வெளுப்பாக்க இதைச் செய்யல. நேர்ல எப்படி இருக்கீங்களோ, அந்த நிறம் வந்ததும் நிறுத்திடுங்க.” அளவுகோலும் படத்திலேயே இருக்கிறது. கையின் நிறமும் முகத்தின் நிறமும் ஒத்துப்போக வேண்டும்.

ஷார்ப்னஸ் கடைசியில்தான். முதலிலேயே கூட்டிவிட்டால் பிறகு வெளிச்சம் ஏற்றும்போது பொரியும் கூர்மையாகித் துருத்தும். Details-இல் Sharpening 15 போதும்; Structure-ஐத் தொடாமல் விடலாம், தோலின் சிறு குழிகளைக்கூட அது எடுத்துக்காட்டும். முடியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். இதற்கு 15 விநாடி ஒதுக்கி, திருத்துவதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை அருகருகே வைத்துக் காட்டலாம். கண்ணிமை கொஞ்சம் தெளிந்திருக்கும். ஸ்டுடியோ படம்போல ஆகியிருக்காது. அந்த வித்தியாசத்தை மறைக்காமல் காட்டினால்தான் பார்க்கும் பிள்ளைகள் தங்கள் படத்தில் அதே அளவு பலன் வரும்போது ஏமாற மாட்டார்கள்.

மிஞ்சிய 15 விநாடி, பல்பு கோடாக இழுத்த படம் வைத்திருப்பவர்களுக்கு. “லென்ஸைத் துணியால துடைங்க. விளக்கைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. முழங்கையை உடம்போட ஒட்டி வெச்சு, டைமர்ல எடுங்க.” விரல் பட்டனை அழுத்தும் கணத்தில் வரும் ஆட்டத்தை டைமர் தவிர்த்துவிடும்.

படமாக்க வேறு கேமரா தேவையில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் திரையைப் பதிவுசெய்யும் வசதி போனிலேயே உண்டு. பல போன்களில் தொடும் இடத்தைக் காட்டும் தேர்வும் அதோடு இருக்கும். அதை இயக்கிவிட்டால் விரல் எந்த ஸ்லைடரில் எவ்வளவு நகர்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரியும். பதிவுக்கு முன் அறிவிப்புகளை நிறுத்திவிட வேண்டும், நண்பர்களின் செய்திகள் வீடியோவில் ஏறிவிடாமல் இருக்க.