வெண்ணெய் காட்டிய ஷேர் மார்க்கெட்!

வங்கதேசத்தில் வருஷத்துக்கு எவ்வளவு வெண்ணெய் தயாராச்சுன்னு சொல்லுங்க, அமெரிக்க ஷேர் மார்க்கெட் எங்கே நின்னுச்சுன்னு சொல்லிடலாம்! 1990-களில் டேவிட் லெயின்வெபர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் காட்டிய வேடிக்கை இது. ஐ.நா. சி.டி. ஒன்றில் இருந்த உலகப் புள்ளிவிவரங்களை அலசினார். 'எஸ் அண்ட் பி 500' குறியீட்டோடு ஜோராக ஒட்டிப்போனது வங்கதேச வெண்ணெய்! குறியீட்டின் ஏற்ற இறக்கத்தில் 75 சதவீதத்தை அது ஒண்ணே 'விளக்கி'டுச்சு. தேடிக்கிட்டே இருந்தா ஏதாவது ஒண்ணு மாட்டத்தான் செய்யும்னு புரியவைக்கத்தான் அவர் அப்படிச் செஞ்சார்.

எப்படி மாட்டுது? அடுத்த மாசம் மார்க்கெட் ஏறுமா, இறங்குமான்னு சொல்ல நீங்க ஒரு ஃபார்முலா கண்டுபிடிக்கிறீங்க. பழைய 24 மாசக் கணக்கில் ஓட்டிப் பார்த்தா 18 மாசம் சரி! காசு சுண்டிப் பார்த்து இப்படி 18 அல்லது அதுக்கு மேல ஜெயிக்க, வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணுதான். காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.

ஆனா அது எத்தனையாவது ஃபார்முலா? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத 200 ஃபார்முலாவை அதே 24 மாசத்தில் ஓட்டினீங்கன்னு வைங்க. எல்லாமே வெறும் காசு சுண்டல்தான்னாலும், அதில் ஒண்ணாவது 18-ஐத் தொட 90 சதவீத வாய்ப்பு இருக்கு. தோத்த 199 குப்பைக்கூடைக்குப் போயிடும். ஜெயிச்ச ஒண்ணு மட்டும் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஜம்முனு உட்கார்ந்துக்கும். ஏமாத்தணும்னு யாரும் நினைக்கவே இல்லை, அதான் இதில் பெரிய கொடுமை!

இதுக்கு ஒரு எளிய வைத்தியம் இருக்கு. பேரு போன்ஃபெரோனி திருத்தம். வழக்கமா 5 சதவீதத்துக்குக் குறைவான வாய்ப்புன்னா 'தற்செயல் இல்லை'ன்னு ஒத்துப்போம், இல்லையா? அந்த 5-ஐ, பரிசோதிச்ச 200-ஆல் வகுத்துடுங்க. 0.025 சதவீதம், அதாவது நாலாயிரத்துக்கு ஒண்ணு. இப்போ 18 பத்தாது, 20-கூடப் பத்தாது. 24-க்கு 21 வாங்கினாத்தான் பாஸ்!

ரொம்பக் கறார்தான். 9 நாள் சராசரி, 10 நாள் சராசரின்னு உங்க ஃபார்முலாக்கள் அண்ணன் தம்பி மாதிரி இருந்தா, அவை உண்மையில் 200 தனித்தனி முயற்சிகள் கிடையாது. அப்போ இந்தத் திருத்தம் நிஜமான ஃபார்முலாவைக்கூட ஃபெயிலாக்கிடலாம். எண்ணிக்கையைக் குறைச்சுச் சொன்னாலோ திருத்தமே வேஸ்ட். ஞாயித்துக்கிழமை சும்மா ஓட்டிப் பார்த்துட்டு அழிச்சதையும் சேர்த்து எண்ணணும்.

இன்னொரு வழி, கடைசி 12 மாசக் கணக்கை முதல்லயே பூட்டிவைக்கிறது. மத்த மாசங்களில் ஃபார்முலாவை முடிவு பண்ணிட்டு, அந்தப் பூட்டை ஒரே ஒரு தடவை திறந்து பாருங்க. சரியா வரலையேன்னு ஃபார்முலாவைக் கொஞ்சம் தட்டி நிமிர்த்திட்டு மறுபடி திறந்தீங்கன்னா, அந்த 12 மாசமும் பழைய கணக்குதான். உங்க எண்ணிக்கையும் 201!